தெய்வானை ஆச்சி வீட்டு ஈரச்சுவர்

கமலநாதனுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சொந்த ஊரான பண்டமாரானில் அவருக்குச் 'சுடுதண்ணி' என்றே பெயர். வீடுகளில் நீராவிக் குளியலறை கட்டிக் கொடுப்பது தொழில். கட்டி முடித்த பிறகும் மனுஷன் சும்மா இருக்க மாட்டார். சுவரின் மறுபக்கம் போய்த் தடவித் தடவிப் பார்ப்பார். நீராவி தண்ணீரைவிடப் பொல்லாதது, ஊசி முனை ஓட்டை போதும் என்பார்.

சனிக்கிழமை காலை மனைவி உஷாராணி போனை நீட்டினாள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு வீட்டில் அம்மன் படத்துக்கு வேர்க்கிறதாம். "நம்மளும் போய்க் கும்பிட்டு வரலாம்லா."

போனில் வந்த படத்தைப் பார்த்ததும் அவருக்குப் பகீரென்றது. தெய்வானை ஆச்சியின் பூஜையறை அது. ஆச்சியின் மூட்டுவலிக்காகச் சிங்கப்பூரில் இருக்கும் மகன் மெய்யப்பன் பணம் அனுப்ப, இவர் கட்டிய நீராவி அறை அதே சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

அவர் மட்டும் முதலில் ஓடினார். ரயிலில் இடம் கிடந்தும் நின்றுகொண்டே போனார். தரையிலிருந்து கூரைவரை ஈரத்தடுப்புப் பூச்சு பூசியாயிற்று. சொட்டுத் தலையில் விழாமலிருக்கக் கூரையைச் சரித்தாயிற்று. மெஷினுக்குத் தனி வயர், தனி பிரேக்கர். எங்கே ஐயா தப்பு?

ஆச்சி வீட்டு வாசலில் செருப்புக் குவியல். உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் அம்மன் முகத்தில் முத்து முத்தாக நீர். படத்தைச் சுற்றிச் சீரியல் பல்பு, அதன் வயர் ஈரச்சுவரை ஒட்டியே கிடந்தது. கமலநாதன் நேராகக் குளியலறைக்குள் நுழைந்தார். அவர் மாட்டாத கைப்பிடி ஒன்று டைலில் திருகப்பட்டிருந்தது.

"எழுந்திரிக்கப் பிடிமானம் இல்லப்பா. கீழே காவலுக்கு இருக்கிற கார்டு மாட்டிக் கொடுத்தான்," என்றார் ஆச்சி. "இப்பல்லாம் கரண்டு அடிக்கடி விழுது. நானே சுவிட்சைத் தூக்கி விட்டுடுறேன்."

கமலநாதன் கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். திருகாணி பூச்சைத் துளைத்திருக்கிறது. அந்த வழியாக நீராவி செங்கல்லில் ஏறி, பிளக் பாயிண்ட் வரை சுவரே ஊறிவிட்டது. கரண்டு விழுந்ததெல்லாம் ஆச்சியின் உயிரைக் காக்கத்தான். இத்தனை பக்தர்கள் முன்னால் அம்மனுக்கு வேர்க்கவில்லை என்று எந்த வாயால் சொல்வது? சொல்லாவிட்டால் யாராவது சுவரில் கை வைப்பார்களே!

மெயின் சுவிட்சை இறக்கினார். பல்புகள் அணைந்தன.

"யாரும் சுவரைத் தொடாதீங்க! இது ஸ்டீம்தான். சுவர்ல கரண்டு வரும்."

ஒருவர் பாவி என்றார். ஒருத்தி மோட்டைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் வாசலில் ஆச்சியின் செருப்பும் அவர் செருப்பும் மட்டுமே மிச்சம்.

"மன்னிச்சிருங்க ஆச்சி."

"எனக்குத் தெரியும்பா. கைப்பிடி போட்ட மறுநாளே வேர்த்துச்சு." ஆச்சி படத்தைத் துடைத்தார். "கரண்டு சங்கதிதான் தெரியாது. மெய்யப்பன் வந்து ரெண்டு தீபாவளி ஆச்சு. இந்த வாரந்தான் வீட்ல பேச்சுச் சத்தம் கேட்டுச்சு."

எப்போதும் நிற்கிற கமலநாதன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"டைலை உடைக்கணும். சுவர் காயணும். நாளாகும் ஆச்சி, தினம் வருவேன். உஷாராணியையும் கூட்டிட்டு வரேன். அவ பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டா."