நூற்று நாற்பத்து மூன்று துடிப்பு

ஜெராக்ஸ் அக்கா என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர் இல்லை. சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால்தான் ஆள் யோசிப்பார்கள். ஐம்பத்திரண்டு வயது. நகல் எடுக்கும் இயந்திரத்தோடு இருபது வருடம் குடித்தனம் நடத்தியவர். பக்கத்து மேஜையில் லேமினேஷன் போடும் மனிதர்தான் அவருடைய வீட்டுக்காரர். அவர் அதிகம் பேசமாட்டார். அந்தக் குறை தெரியாமல் அக்கா பார்த்துக்கொள்வார்.

மூன்று வருடத்துக்கு முன் அக்காவின் இரண்டு சிறுநீரகமும் கைவிரித்துவிட்டன. திங்கள், புதன், வெள்ளி காலையில் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். நான்கு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதி, அவரால் தானம் தர முடியாது. பிள்ளை குட்டி இல்லை. ஆக, இறந்தவர் யாராவது தந்துவிட்டுப் போகும் சிறுநீரகத்துக்குத்தான் காத்திருக்க வேண்டும். அதற்கு ஒரு பட்டியல் உண்டு. பட்டியலில் பெயர் ஏறிய நாளிலிருந்துதான் வரிசை மூப்பு. பெயர் ஏறுவதற்கு முன்னால் பதிமூன்று பரிசோதனை.

பரிசோதனைகளை எழுதிய தாளைக் கொடுத்தவர் உறுப்பு மாற்று சிகிச்சைப் பிரிவின் கோஆர்டினேட்டர். ஒல்லியான இளைஞர், எதையும் இரண்டு முறை சொல்லுகிறவர்.

"கிட்னி வச்சதுக்கு அப்புறம் உடம்போட எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மாத்திரை காலம் முழுக்கச் சாப்பிடணும்மா. உள்ள எங்கயாவது கிருமி தூங்கிட்டு இருந்தா எந்திரிச்சிடும். கண்ணுக்குத் தெரியாத புற்றுநோய் இருந்தா வேகமா வளந்துடும். ஆபரேஷனை இதயம் தாங்கணும். அதனாலதான் இத்தனை டெஸ்ட்டு."

"எல்லாத்துலயும் பாஸ் ஆகணுமா தம்பி?"

"பாஸ் ஃபெயிலு இல்லம்மா. இருக்கிறதைத் தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்."

அக்கா தலையை ஆட்டினார். நம்பவில்லை. வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் மதிப்பெண் பட்டியலை நகல் எடுத்த கை அது. பாஸ் ஃபெயில் இல்லாத பரீட்சையை அவர் பார்த்ததே இல்லை.

ஒவ்வொன்றாக முடிந்தது. ரத்த வகை, திசுப் பொருத்தம் பார்க்க ஏழு குழாய் ரத்தம். மஞ்சள் காமாலைக் கிருமிகள், எச்.ஐ.வி., காசநோய் எல்லாவற்றுக்கும் தேடினார்கள், எதுவும் இல்லை. பல் டாக்டர் ஒரு சொத்தைப் பல்லைப் பிடுங்கினார். மார்பகப் படம், கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை இரண்டும் சுத்தம். மலப் பரிசோதனையில் மட்டும் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருப்பதாக வந்தது. அக்காவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள். அதற்கு முன்னால் குடலைச் சுத்தம் செய்ய நான்கு லிட்டர் மருந்துத் தண்ணீர். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் குடித்தால் பள்ளிப் பிள்ளையைத் திட்டுவதுபோல் திட்டுகிற அதே டயாலிசிஸ் நர்ஸ், "இது உடம்புல சேராது, தைரியமாக் குடிங்க" என்று அனுப்பினார். மூன்று வருடத் தாகத்துக்கு ஆண்டவன் கொடுத்த பதிலைப் பார் என்று அக்கா நொந்துகொண்டே குடித்தார். குடலில் ஒரு சின்னச் சதைக்கட்டி இருந்தது. அப்போதே எடுத்துவிட்டார்கள். பரிசோதித்த அறிக்கை ஒன்பது நாள் கழித்து வந்தது, புற்றுநோய் இல்லை. அந்த ஒன்பது நாளில் வீட்டுக்காரர் மூன்று அடையாள அட்டைகளைத் தலைகீழாக லேமினேஷன் செய்திருந்தார்.

பாக்கி இருந்தது இதயம்.

இதில்தான் அக்காவுக்குப் பயம். காரணம் இருந்தது. காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு கடைப் படியேறினால் நெஞ்சுக்குள் யாரோ முறுக்குவதுபோல் ஓர் இறுக்கம். நின்றால் போய்விடும். நிற்கும்போது யாராவது பார்த்தால் காகிதம் எண்ணுவதுபோல் நடிப்பார். எட்டு மாதமாக இந்த நாடகம். சொன்னால் பட்டியலுக்கு வேட்டு என்று அவராகவே முடிவு செய்திருந்தார்.

இதயச் சோதனை இப்படி. ஓடச் சொல்லமாட்டார்கள். டயாலிசிஸ் நோயாளிகளுக்குக் கால் ஒத்துழைக்காது. படுக்கவைத்து, ரத்தத்தில் மருந்து ஏற்றி, துடிப்பை ஏற்றுவார்கள். ஏறும்போது இதயச் சுவர்கள் ஒழுங்காக அசைகின்றனவா என்று ஸ்கேனில் பார்ப்பார்கள். அக்காவின் வயதுக்குத் துடிப்பு நிமிடத்துக்கு நூற்று நாற்பத்து மூன்றைத் தொட வேண்டும். துடிப்பையும் பிரஷரையும் அடக்கி வைக்கும் மாத்திரை ஒன்றை அவர் தினமும் சாப்பிட்டு வந்தார். அதை மட்டும் இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று தாளில் கோடு போட்டு எழுதியிருந்தது.

இங்கேதான் டியூஷன் சார் வந்து சேர்ந்தார். டயாலிசிஸில் பக்கத்து நாற்காலிக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர். எதைக் கேட்டாலும் குறிப்பு கொடுப்பார்.

"மாத்திரையை நிறுத்தினா பிரஷர் எகிறும்மா. எகிறினா டெஸ்ட்டே வேணாம்னு திருப்பி அனுப்பிடுவாங்க. என்னை ரெண்டு தடவை அனுப்பினாங்க. நீங்க போட்டுட்டே போங்க. கேட்டா நிறுத்திட்டேன்னு சொல்லிடுங்க."

அக்கா அதைப் பிடித்துக்கொண்டார். வாராந்திர மாத்திரை டப்பாவை நிரப்புவது வீட்டுக்காரர் வேலை. அவர் தாளில் இருந்தபடி அந்த இரண்டு நாளுக்கும் அந்த மாத்திரையை வைக்கவில்லை. அக்கா அட்டையிலிருந்து தானே பிதுக்கி விழுங்கினார். இரண்டு நாளும்.

வியாழக்கிழமை சோதனை. இதய டாக்டர் வயதில் சின்னவர். "மாத்திரை நிறுத்தினீங்களாம்மா?" என்று கேட்டார். "நிறுத்திட்டேன்" என்றார் அக்கா, கண் சிமிட்டாமல். மருந்து ஏறியது. தொண்ணூறு. நூற்றிரண்டு. இன்னொரு ஊசி. நூற்றுப் பதினாறு. அதற்குமேல் துடிப்பு நகரமாட்டேன் என்று மக்கர் செய்தது. நெஞ்சில் இறுக்கமும் வரவில்லை. டாக்டர் புருவத்தைச் சுருக்கி, 'பார்த்த அளவில் குறை தெரியவில்லை, வேண்டிய துடிப்பு எட்டப்படவில்லை' என்று எழுதினார். முதல் பாதியை மட்டும் அக்கா நான்கு முறை படித்தார். கோப்பு அடுத்த வியாழக்கிழமை மருத்துவர் குழுவுக்குப் போகும்.

ஞாயிறு காலை. கடையில் வீட்டுக்காரர் அடுத்த வாரத்து டப்பாவை நிரப்பிக்கொண்டிருந்தார். அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். எத்தனை தாள் கொடுத்தாலும் எண்ணி வாங்குகிற மனிதர் அவர்.

"ரெண்டு குறையுது" என்றார்.

"கீழ விழுந்திருக்கும்."

"ரெண்டும் பக்கத்து பக்கத்துல காலி."

அந்த நேரம் பார்த்து ஒரு பெண் விண்ணப்பத்தோடு வந்தாள். இரு பக்கமும் ஆறு பிரதி. அக்கா மூடியைத் தூக்கி, தாளை வைத்து, பொத்தானை அழுத்தினார். இயந்திரம் வெளிச்சத்தை இழுத்துக்கொண்டு போய் வந்தது.  அந்தப் பெண் போனதும் வீட்டுக்காரர் அட்டையை மேஜையில் வைத்தார்.

"போட்டுட்டுத்தான் போனியா?"

"ஆமாங்க. போட்டேன். இப்ப என்ன குடியா முழுகிப்போச்சு? குறை இல்லன்னுதானே எழுதியிருக்காங்க."

"குறையைப் பார்க்கவே விடலையே நீ."

"எனக்கு மட்டும் ஆசையா? மூணு வருஷமா அந்த நாற்காலில உக்காந்து பாருங்க, தெரியும். எனக்கு முன்னாடி உக்காந்திருந்தவங்க நாலு பேர் இப்ப இல்ல. இன்னொரு வருஷம் தள்ளிப்போனா நானும் இருக்கமாட்டேன்."

அவர் அட்டையில் காலியான இரண்டு குழியையும் விரலால் தடவினார். 

"படியில நின்னு நீ காகிதம் எண்ணுறதை நான் பார்த்துட்டுதான் இருக்கேன்" என்றார். "வெள்ளைக் காகிதத்தை யாரு எண்ணுவா? நாளைக்கு நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே வெட்கமும். எட்டு மாதம் தெரிந்தும் தெரியாதவர்போல் இருந்திருக்கிறார் இந்த ஊமைக்கோட்டான். பயம் இவருக்கும்தான், இல்லாவிட்டால் எப்போதோ கேட்டிருப்பார்.

திங்கள் காலை, கையில் இரண்டு ஊசியும் ஏறிய பிறகு, அக்கா கோஆர்டினேட்டரைக் கூப்பிட்டனுப்பினார். மாத்திரை விஷயத்தைச் சொன்னார். நெஞ்சு இறுக்கத்தைச் சொல்லவில்லை. அவ்வளவுக்கு வாய் வரவில்லை. பக்கத்து நாற்காலியில் டியூஷன் சார் திடீரென்று தூங்கிப்போனார்.

கோஆர்டினேட்டர் திட்டவில்லை. கோப்பை மூடினார்.

"இந்த வியாழக்கிழமை குழுவுக்கு உங்க கோப்பு போகாது. அதே நாள்ல டெஸ்ட்டைத் திரும்பப் பண்ணுவோம். நாளையிலேர்ந்து அந்த மாத்திரை வேண்டாம். பிரஷர் ஏறினா எங்களுக்குச் சொல்லுங்க, நாங்க பார்த்துக்குறோம். நாளையிலேர்ந்து வேண்டாம், சரியா?"

இரண்டு நாள் அக்கா சாப்பிடவில்லை என்று சொன்னால் பொய். சாப்பிட்டார், ருசி தெரியவில்லை. வீட்டுக்காரர் காலையிலும் மாலையிலும் பிரஷர் பார்த்துத் தாளில் எழுதினார். ஏறத்தான் செய்தது, பயந்த அளவுக்கு இல்லை.

வியாழக்கிழமை அதே அறை, அதே டாக்டர். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்தார். ஸ்கேன் கருவியை விலா எலும்புகளுக்கு நடுவில் அழுத்தினார். வீட்டுக்காரர் திரைக்கு வெளியே நாற்காலியில். மருந்து ஏறியது. எண்பத்தெட்டு. நூற்றுப் பத்து. இந்த முறை துடிப்பு கட்டவிழ்த்துவிட்டதுபோல் ஓடியது. நூற்று இருபத்தெட்டு. காது வரை அடித்தது.

நூற்று முப்பத்தைந்தில் வந்தது. அதே முறுக்கு. படி இல்லை, காகிதக் கட்டு இல்லை, படுத்த இடத்திலேயே வந்தது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணைப் பார்த்தார். இன்னும் எட்டுதான். நூற்று முப்பத்தெட்டு. டாக்டரின் கை ஒரே இடத்தில் நின்றுவிட்டது.

"அம்மா, நெஞ்சுல ஏதாவது பண்ணுதா?"

இல்லை என்ற சொல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. எட்டு மாதமாகப் பழகிய சொல். திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"பண்ணுது" என்றார் அக்கா. "வலிக்குது."

டாக்டர் மருந்தை உடனே நிறுத்தினார். துடிப்பைத் தணிக்க ஊசி போட்டார். வலி மெல்ல மெல்ல விட்டது. பத்து நிமிடம் கழித்து, மூச்சு சீரான பிறகு, ஸ்கேன் திரையை அக்கா பக்கம் திருப்பி, வலி வந்தபோது பதிவான படத்தில் இதயத்தின் முன்சுவரைக் காட்டினார். மற்ற சுவர்கள் சுருங்கி விரிந்தன. அந்தச் சுவர் மட்டும் அசையவில்லை.

"இதயத்துக்குப் போற பெரிய ரத்தக்குழாய்ல அடைப்பு இருக்கும்போல. குழாயைப் படம் பிடிக்க ஆஞ்சியோ பார்க்கணும். எத்தனை நாளா இந்த வலி?"

"எட்டு மாசமா."

டாக்டர் போன வாரம் எழுதிய அறிக்கையை எடுத்து விரித்தார்.

"போன வாரத்து ரிப்போர்ட்டோட லிஸ்ட்ல ஏறி, ஆபரேஷன் மேஜைக்கும் போயிருந்தீங்கன்னா, கிட்னி நல்லாத்தான் வேலை செஞ்சிருக்கும்மா. நீங்கதான் இருந்திருக்க மாட்டீங்க."

"அடைப்பை எடுத்துட்டா லிஸ்ட்ல போடுவீங்களா?"

"குழாயைத் திறந்து வைக்க ஸ்டென்ட்னு சின்னச் சுருள் வச்சா, ரத்தம் உறையாம இருக்க ரெண்டு மாத்திரை சேர்த்துச் சாப்பிடணும். அதுல ஒண்ணை நிறுத்துற வரைக்கும் ஆபரேஷன் பண்ண முடியாது. ஆறு மாசமாவது ஆகும். அப்புறம் போடலாம்."

வீட்டுக்காரர் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். அக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி அழ ஆரம்பித்தார். உயிர் தப்பியதற்கு அழுகிறாள் என்று நினைத்து அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். அது அதற்கில்லை. அந்த ஆறு மாதத்துக்காகத்தான் அழுதார், எழுபத்தெட்டுத் தடவை அந்த நாற்காலியில் போய்ச் சாய வேண்டும் என்று அழுதார். டாக்டர் ஆஞ்சியோவுக்கான ஒப்புதல் படிவத்தை நீட்டியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்து, பேனாவைக் கேட்டு வாங்கினார்.