அக்கா சொல்லாமல் விட்டது

என் அக்காவுக்கு உட்காரத் தெரியாது. நர்ஸ் வேலை அவளை அப்படி ஆக்கிவிட்டது என்று அம்மா சொல்வாள். எனக்கென்னவோ அது பிறவிக் குணம் என்றுதான் தோன்றுகிறது. நின்றுகொண்டே சாப்பிடுவாள், நடந்துகொண்டே படிப்பாள். வார்டையும் பார்த்துக்கொண்டு, இரண்டு பிள்ளைகளையும் வளர்த்துக்கொண்டு, முனைவர் பட்டத்துக்கும் பதிவு செய்தபோது, "உனக்கு என்ன தலையெழுத்தா?" என்று நானே சண்டை போட்டிருக்கிறேன். கேட்கிற ஆளா அவள்.

அவள் எடுத்துக்கொண்ட கேள்வி சின்னதுதான். ஷிஃப்ட் மாறும்போது, போகிற நர்ஸ் வருகிற நர்ஸிடம் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் சொல்லிவிட்டுப் போகவேண்டும். அப்போது எதைச் சொல்வது, எதை விடுவது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? இதற்காக மாதக்கணக்கில் இரண்டு வார்டுகளில் ஓரமாக நின்று கவனித்தாள். பிறகு அந்த நர்ஸ்களிடம் தனித்தனியாகப் பேசினாள்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு முந்தின வாரம், அவள் ஆய்வேட்டைப் படித்த வெளித் தேர்வாளரின் அறிக்கை வந்தது. இத்தனை குறைவான பேரை வைத்து என்ன சொல்லமுடியும், நிறைய நர்ஸ்களிடம் கேள்வித்தாள் கொடுத்துப் பதில் வாங்காதது ஏன் என்று கேட்டிருந்தார். பதிவுக் காலம் அந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிப்பெல்லாம் வாங்கித் தீர்த்தாயிற்று. மறுபடி தரவு சேகரித்து வா என்று அவர் சொல்லிவிட்டால் இத்தனை வருட உழைப்பும் அம்போ. வைவா தொடங்கும்போது அவள் பேசவேண்டிய ஐந்து நிமிட முன்னுரைதான் அவருக்கு அவள் தரப்போகிற முதல் பதில்.

அன்று காலை அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்தபடி மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். "ஆழமான புரிதலைத் தரவல்ல இந்த ஆய்வுமுறை..." பால் பொங்கி வழிந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த நேரம் பார்த்து, ஆய்வுக்கு வழிகாட்டுகிற கைடு மேடம் போன் செய்து, "முன்னுரை எழுதி அனுப்பினதைப் படிச்சேன். எந்தத் தீசிஸுக்கு வேணாலும் இதை ஒட்டலாம்போல இருக்கே. உங்க கேள்விக்கு ஏன் இந்த முறை?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதை நேற்றுச் சொன்னால் என்னவாம்?

அக்கா பஸ்ஸிலும் உதட்டை அசைத்தபடியே வந்தாள். அதைப் பார்க்கச் சகிக்காமல் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கலாம் என்பதால் நானும் கடைசி வரிசையில் இடம் பிடித்தேன். எதிரே நீள மேசை, மூன்று தண்ணீர் பாட்டில், கைடு மேடம், பக்கத்தில் வெளித் தேர்வாளர். அக்கா ஆரம்பித்தாள். ஆழமான புரிதல் வரை வந்தாள். அங்கேயே நின்றுவிட்டாள். மறந்துபோய்விட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"சார், எழுதி வச்சதை விட்டுட்டுச் சொல்றேன்" என்றாள். "எத்தனை பேர் சொல்லாம விடுறாங்கங்கறது என் கேள்வி இல்ல. எப்படி முடிவு பண்றாங்கங்கறதுதான். முதல்ல நானும் கேள்வித்தாள்தான் கொடுத்துப் பார்த்தேன். எல்லாரும் 'முழுசா சொல்லிடுவோம்'னு டிக் பண்ணியிருந்தாங்க. அன்னிக்கு சாயங்காலம் அதே வார்டுல நின்னேன். ஒரு நோயாளி மதியம் மாத்திரையைத் துப்பிட்டார். அந்த நர்ஸ் அதைச் சொல்லவே இல்ல. உடனே சொல்ல வச்சேன். அப்புறம் ஏன்னு கேட்டேன். 'நான் சரியா கவனிக்கலன்னு நினைப்பாங்க'ன்னாங்க. டிக் பண்றப்ப அவங்க பொய் சொல்லல சார், எப்படிச் செய்யணுமோ அதை எழுதினாங்க. செய்யறதைப் பக்கத்துல நின்னாதான் பார்க்கமுடியும். ஏன்னு கேட்டாதான் காரணம் தெரியும். எல்லா ஆஸ்பத்திரியிலயும் இப்படித்தானான்னு என்னால சொல்லமுடியாது. அதுக்குப் பெரிய கணக்கெடுப்பு வேணும், அது வேற ஆய்வு."

தேர்வாளர் பக்கங்களைப் புரட்டினார். "இந்தக் கேள்வித்தாள் விஷயம் ஆய்வேட்டுல எங்க இருக்கு?"

"இல்ல சார்."

"ஏன்?"

அக்கா மேசையைப் பார்த்தாள். "முதல் முயற்சியே தோத்துப்போச்சுன்னு எழுதினா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்கன்னு விட்டுட்டேன் சார்."

மேலும் ஒரு மணிநேரம் துளைத்தெடுத்தார். நீங்களும் அதே ஆஸ்பத்திரி ஆள் என்பதால் அந்த நர்ஸ்கள் உங்களிடம் மறைக்கவில்லையா என்று கேட்டார். ஒருத்தரையே இரண்டு முறை பேசவைத்ததற்குக் காரணம் கேட்டார். கடைசியில், "மறுபடி தரவு வேண்டாம். அந்தக் கேள்வித்தாளுக்கு என்ன ஆச்சுன்னு ஆய்வுமுறை அத்தியாயத்துல ஒரு பக்கம் சேர்த்து இந்த வாரமே கொடுத்துடுங்க. பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன்" என்றார். நான் மூக்கை உறிஞ்சிய சத்தத்துக்கு முன்வரிசையே திரும்பிப் பார்த்தது.

வெளியே வந்ததும் கட்டிக்கொண்டேன். "எப்படிக்கா தைரியம் வந்துச்சு?"

"தைரியமாவது ஒண்ணாவது. பேசிட்டு இருக்கறப்ப அந்த நர்ஸ் முகம் ஞாபகம் வந்துச்சுடி. சின்னப் பொண்ணு. 'இதைக்கூடச் சொல்லலன்னா நீயெல்லாம் எதுக்கு நர்ஸா இருக்க'ன்னு அன்னிக்கு அவளை அழ வச்சுட்டேன்."