'விலை' என்று மட்டும் கேட்டவர்கள்

இலங்கை மலையகத்தின் லுணுகலை டவுனில், பஸ் நிற்கும் இடத்துக்குச் சற்று மேலே, விஜயலெட்சுமி ஒரு கடை வைத்திருக்கிறாள். சக்கர நாற்காலி, கைப்பிடித்து நடக்கும் கம்பிச் சட்டம், கட்டிலருகே வைக்கும் கழிப்பறை நாற்காலி, படுக்கைப்புண் வராமல் தடுக்கும் காற்று மெத்தை எல்லாம் விற்பாள், வாடகைக்கும் கொடுப்பாள். பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் யாராவது பக்கவாதத்தில் விழுந்தால் அவள் கடைக்குத்தான் ஆள் வரும். நான் நோயாளி பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வீடுகளுக்குப் போய்ப் புண்ணுக்கு மருந்து கட்டிவிடுவேன். எந்தப் பொருள் எந்த நோயாளிக்குச் சரி என்று அவள் கேட்டால் சொல்வேன்.

அவள் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். கொழுந்து எடுத்தவள். தொண்ணூறுகளின் கடைசியில் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அங்கே, படுத்த படுக்கையான ஒரு கிழவியைப் பார்க்கும் வேலை. அந்த வீட்டில் யாரும் அவளோடு முழு வாக்கியம் பேசியதில்லை. 'தண்ணி', 'துணி', 'கதவு'. அவள் பெயரைக்கூடக் கடைசிவரை கேட்கவில்லையாம். பல வருடம் கழித்து ஊர் திரும்பி, அந்தச் சம்பளத்தில் கடை போட்டாள். நல்ல உழைப்பாளி. வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

பிறகு ஃபேஸ்புக்கில் கடைக்கு ஒரு பக்கம் தொடங்கினாள். பக்கத்துக் கடையில் போன் திருத்தும் ஸலீம்தான் போட்டுக்கொடுத்தார். படங்கள் போட்டதும் செய்திகள் வரத் தொடங்கின. பாதிக்கு மேல் ஒரே சொல்: 'விலை'. வணக்கம் இல்லை, பெயர் இல்லை, எந்தப் பொருள் என்றுகூட இல்லை.

"பாத்தீங்களா அக்கா? நாய்க்குச் சோறு வைக்கிற மாதிரி ஒத்தச் சொல்லு. இப்படிச் சொன்னதுக்குத்தான் குவைத்துல ஓடி ஓடி வேல செஞ்சேன். சொந்தக் கடையிலயும் ஓடணுமா?"

"விலைய சொல்லிட்டு, எந்தச் சாமான், யாருக்குன்னு ஒரு கேள்வி கேளேன். ஆஸ்பத்திரி வாட்டுல ஒருத்தன் 'தண்ணி'ன்னு மட்டும் சொன்னா, மொதல்ல தண்ணியக் குடு, அப்புறம் பேர கேளு."

"வாட்டுல இருக்கிறவன் நோயாளி. இவனுக வெளையாட்டுக்கு கேக்குறானுக. இல்லேன்னா பண்டாரவளைக் கடைக்காரன் வேவு பாக்குறான்."

அவள் ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தாள். 'விலை' என்று மட்டும் வந்தால் அதையே ஒட்டி அனுப்புவாள்: 'பேர் இல்லையா? வாய் இல்லையா? மனுசர் மாதிரிக் கேட்டால் விலை சொல்லப்படும்.' அனுப்பிவிட்டுச் சிரிப்பாள். அநேகமாக யாரும் மறுபடி எழுதமாட்டார்கள். "ஓடிட்டான் பாருங்க" என்பாள்.

ஒரு மழைக்காலத்தில், மேல் டிவிஷன் லயத்தில் ஒரு அம்மாளுக்கு மருந்து கட்ட என்னைக் கூப்பிட்டார்கள். வீரய்யா என்பவரின் மனைவி. பக்கவாதம். திருப்பிப் படுக்க வைத்துப் பார்த்தேன். முதுகு முடியும் இடத்தில் புண். ஓரம் கறுத்து, நடுவில் குழி. குழிக்குள் வெள்ளையாக எலும்பு தெரிந்தது. நான் நிறையப் புண் பார்த்தவள். இது வீட்டில் மருந்து கட்டி ஆறும் புண் இல்லை.

"எவ்வளவு நாளா இப்படி?"

"மொதல்ல செவப்பாத்தான் இருந்துச்சுங்க. அப்பவே மகன் போன் பண்ணி, காத்து மெத்தை வாங்குங்கன்னான்" என்றார் வீரய்யா.

"வாங்கலையா?"

அவர் அலமாரி மேலிருந்த போனை எடுத்து வந்தார். கட்டாரில் இருக்கும் மகன் அனுப்பிய போன். ஃபேஸ்புக் கணக்கும் மகனுடையது, கறுப்புக் கண்ணாடி போட்ட படத்தோடு. விஜயலெட்சுமியின் பக்கம் திறந்தது. மேலே காற்று மெத்தையின் படம். கீழே 'விலை'. அதன் கீழே அவள் பதில்.

"பக்கத்து வீட்டுப் புள்ள படிச்சுச் சொன்னுச்சு, கோவமா எழுதியிருந்தாங்கம்மா. நம்ம தோட்டத்து ஆளுகளுக்கு குடுக்க மாட்டாங்க போலன்னு விட்டுட்டோம். கடைக்கு நேரா போகவும் கூச்சமா இருந்துச்சு."

"நீங்க ஏங்க ஒரே சொல்லு எழுதினீங்க? சம்சாரத்துக்கு முடியலன்னு எழுதியிருக்கலாமே?"

"எனக்கு எங்கம்மா எழுதத் தெரியும்? நான் ஒண்ணும் எழுதல. அதுலயே வந்திருந்துச்சு. தொட்டேன், போயிருச்சு."

எனக்குப் புரியவில்லை. என் போனை எடுத்தேன். விஜயலெட்சுமியோடு நான் எப்போதும் போனில்தான் பேசுவேன், அந்தப் பக்கத்துக்கு ஒருநாளும் செய்தி அனுப்பியதில்லை. முதல்முறையாகச் செய்திப் பெட்டியைத் திறந்தேன். நான் எழுதுவதற்கு முன்பே மூன்று பொத்தான்கள் வந்து நின்றன: 'விலை', 'கடை எங்கே', 'வீட்டுக்கு அனுப்புவீர்களா'. முதலாவதைத் தொட்டேன். 'விலை' என்ற ஒற்றைச் சொல் என் பெயரில் போய்ச் சேர்ந்தது.

சற்று நேரத்தில் பதில் வந்தது. 'பேர் இல்லையா? வாய் இல்லையா?'

என் போனை வீரய்யாவின் போனுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்: அதே சொல், அதே பதில்.

முதலில் செய்ய வேண்டியதைச் செய்தோம். தோட்டத்து லொறியில் அந்த அம்மாளைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டேன். பிறகு நேராகக் கடைக்குப் போனேன்.

"என்னக்கா, நீங்களும் 'விலை'ன்னு அனுப்புறீங்க? வெளையாட்டா? பேரப் பாக்காமலே ஒட்டிவிட்டுட்டேன்."

போனை அவள் முன்னால் வைத்தேன். மூன்று பொத்தான்களையும் பார்த்தாள்.

"இது என்ன?"

"உன் பக்கம். வெளியில இருந்து பாத்தா இப்படித்தான் தெரியுது."

அவள் ஸலீமைக் கூப்பிட்டாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார்.

"ஓ, இதா. பக்கம் போடக்குள்ள நான்தான் வெச்சன் தங்கச்சி. எழுதத் தெரியாத ஆக்களுக்கு லேசு. அதைத் தொட்டா தானா பதில் போற பெட்டி சும்மா கிடக்கு, விலையெல்லாம் நிரப்புங்கோன்னு அன்னைக்கே சொன்னனே. நீங்க சரி சரின்னீங்க."

பக்கத்துக்கு உரியவர் அதை உள்ளிருந்துதான் பார்ப்பார். வாடிக்கையாளருக்குத் தெரியும் பொத்தான் அவர் கண்ணில் படாது. இத்தனை காலம் அவள் திட்டிக்கொண்டிருந்த சொல்லை அவளுடைய கடையே வருகிறவர்கள் கையில் கொடுத்திருக்கிறது.

வீரய்யாவின் மனைவியைப் பற்றிச் சொன்னேன். புண்ணின் ஆழத்தை விரலால் காட்டினேன். அவள் குவைத்தில் கிழவியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் போட்டவள். அந்தப் புண் என்ன செய்யும் என்று யாரும் அவளுக்கு விளக்கத் தேவையில்லை.

"பொழைப்பாங்களா அக்கா?"

"தெரியாது. மெத்தையக் கட்டு, ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. மெத்தை போட்டாலும் புரட்டணும்னு வீரய்யாகிட்ட நீயே சொல்லு."

அனுப்பினாள். பிறகு செய்திப் பெட்டியின் அடிவரை போனாள். எத்தனை 'விலை' என்று நான் பார்க்கவில்லை, அவள் விரல் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொன்றுக்கும் எழுதத் தொடங்கினாள். கொஞ்சம் பழைய செய்திகளுக்கு, இனி இவருக்கு அனுப்ப முடியாது என்று ஃபேஸ்புக்கே மறித்துவிட்டது. மறிக்கப்பட்ட ஒவ்வொரு முறையும் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அனுப்ப முடிந்தவற்றுக்கு நான் சொல்லச் சொல்ல எழுதினாள். மெத்தை, நாற்காலி, நடக்கும் சட்டம், மூன்றின் விலையும் வாடகையும் முதலில். பிறகு ஒரே கேள்வி: 'யாருக்கு, என்ன நோய்?' கடைசியில் போன் எண், 'எழுத வேண்டாம், கூப்பிட்டாலே போதும்.'

ஒருவர் உடனே கூப்பிட்டார், அப்பாவுக்கு நாற்காலி வேண்டுமாம். இன்னொருவர் எழுதினார், எழுதத் தெரிந்தவர்: 'அம்மா போன கிழமை தவறிட்டாங்க. இனித் தேவையில்லை. பதில் போட்டதுக்கு நன்றி.'

அவள் போனைக் கீழே வைத்துவிட்டாள்.

"இதுக்கு நான் என்னத்த அக்கா எழுதுறது?"

"மன்னிச்சுக்கங்கன்னு எழுது. வேற காரணம் ஒண்ணும் சொல்லாத. எழுதிட்டு அடுத்ததப் பாரு, அங்க யாராவது உசிரோட இருப்பாங்க."

எழுதினாள். அதற்குள் புதிதாக ஒரு 'விலை' வந்து விழுந்தது.