அக்கா பெயரில் விழுந்த கோடு

ஆம்பூரில் பழைய கேசட்டுகளை சிடியாக மாற்றித் தரும் ஒரு கடையில் அப்போது வேலை பார்த்தேன். எங்கள் சபையின் பாடகர் குழு கேசட்டுகள் அங்கே வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அதில் என் அக்காவின் பாட்டு ஒன்று இருந்தது. வேலூரில் நர்ஸாக இருந்த அவள், கல்யாணத்துக்கு முன் ஹாஸ்டலில் தானே எழுதி மெட்டுப் போட்டு, எங்கள் குழுவில் பாடியது. கல்யாணத்துக்குப் பிறகு மாமா அவளைப் பாட விடவில்லை. அவளுடையது என்று மிஞ்சியது அந்த ஒரு பாட்டுதான்.

சிடி வருவது தெரிந்ததும் மாமா கடைக்கே வந்துவிட்டார்.

"அவ பேர மட்டும் தனியா போட்டா நல்லா இருக்காது. நடுவுல கோடு போட்டு என் பேரையும் சேர்த்துடு."

பாட விடாத மனிதருக்குப் பெயர் மட்டும் வேண்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே அடித்தேன். ஒவ்வொரு பாட்டின் ஃபைலுக்கும் பாடியவர் பெயர், ஒரு கோடு, பாட்டின் தலைப்பு என்று பெயர் வைப்பதுதான் எங்கள் கடை வழக்கம். அக்காவின் ஃபைலில் மட்டும் இரண்டு கோடுகள்.

சிடியின் அட்டைக்காக அந்த ஃபைல் பெயர்களை எக்ஸெலில் பாடியவர், தலைப்பு என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு காலமாகப் பிரிக்க வேண்டும். முதலாளியிடம் சொல்லித்தான் வைத்தேன்.

"அண்ணா, வெறும் கோட்டுல பிரிக்காதீங்க, கோடு இருக்கற எடத்துலயெல்லாம் வெட்டிடும். தலைப்புக்கு முன்னாடி இருக்கற கோட்டுக்கு மட்டும் ரெண்டு பக்கமும் ஸ்பேஸ் இருக்கு. ஸ்பேஸோட அத வேற குறியா மாத்திட்டு, அந்தக் குறியில பிரிங்க."

"இன்னா தம்பி, எனக்கே பாடமா?"

நான் சாப்பிடப் போன நேரத்தில் கோட்டிலேயே பிரித்துவிட்டார். மற்ற பாட்டுகள் ஒழுங்காக விழுந்தன. அக்காவின் வரியில் முதல் காலத்தில் அவள் பெயர், இரண்டாவதில் மாமா பெயர். தலைப்பு மூன்றாவதுக்குத் தள்ளப்பட்டது. அந்த ஒரு வரிக்காக நின்ற மூன்றாவது காலத்தை ஏதோ குப்பை என்று முழுசாக அழித்து, அட்டையை அச்சுக்கும் அனுப்பிவிட்டார். அச்சாகி வந்த பிறகுதான் நான் பார்த்தேன். பாடியவர் என்ற இடத்தில் அக்கா. தலைப்பு என்ற இடத்தில் மாமா.

"ஒரே ஒரு பாட்டுதானே, யாரு பாக்கப் போறாங்க?" என்றார் முதலாளி. அந்த மனிதரை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பார்த்தவர் மாமா. கட்டாக வாங்கிப்போய் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் நீட்டினார். "பாட்டுக்கே என் பேர வெச்சிருக்கா பாருங்க!" அக்கா உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தாள். அடுப்படிக்குப் போய், அட்டையை மறுபடி அடிக்க வைக்கிறேன் என்றேன்.

அவள் டீயை வடிகட்டி முடித்தாள்.

"விட்றா. பாட்டு மட்டுமாடா அப்படிப் போச்சு?"