கேள்விக்குத் திரும்பிய அண்ணி

எங்க அண்ணியைப் பத்தி யாராவது எழுதணும்னா அது நான்தான் எழுதணும். அவங்களுக்கு வரலாறு சொல்லிக் கொடுத்து, அவங்க கையால சர்க்கரை இல்லாத டீ குடிச்சு, இன்னும் அதே வீட்டுல குப்பை கொட்டிட்டு இருக்கிற ஒரே ஆள் நான்.

அண்ணிக்கு நர்சரி பள்ளியில ஆயா வேலை. மூக்குத் துடைக்கணும், ஷூ லேஸ் கட்டணும், டிபன் பாக்ஸ் மூடியைத் திறக்கணும், அழுறதுகளை இடுப்புல தூக்கி வச்சுக்கணும். டீச்சர் லீவு போட்டா எழுத்தும் எண்ணும் பாட்டும் அண்ணிதான். அப்பவும் பேரு ஆயாதான். டீச்சர் பயிற்சியில சேரணும்னா பள்ளி இறுதிப் பரீட்சையில எல்லாப் பாடமும் பாஸாகி இருக்கணும். அண்ணி எல்லாத்தையும் தாண்டிட்டாங்க, வரலாறு மட்டும் காலை வாரி விட்டுடுச்சு. அப்புறம் கல்யாணம், பசங்க, வேலைன்னு வருஷம் ஓடிப்போச்சு. பசங்க ரெண்டும் வெளியூர்ல படிக்கப் போனதும், நாப்பது வயசுக்கு மேல, "நான் மறுபடி எழுதப் போறேன்"னு ஒருநாள் கிளம்பிட்டாங்க.

எங்க அண்ணன் செல்போன் ரிப்பேர் கடை வச்சிருக்கான். கடையில இருக்கிற எல்லா போனும் பேசும், வீட்டுக்கு வந்தா இவன் மட்டும் பேச மாட்டான். அன்னைக்கு டிவியில இருந்து கண்ணை எடுக்காமலே ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"இந்த வயசுல எதுக்கு?"

அண்ணி பதில் சொல்லல. அண்ணி பதில் சொல்லாத முதல் கேள்வி அதுதான்னு நினைக்கிறேன்.

மாலைநேரப் பள்ளியில பெரியவங்களுக்கு வரலாறு எடுக்கிற டீச்சர் நான். ஆக, சொந்த நாத்தனார்கிட்டயே வந்து முதல் பெஞ்சுல உக்காந்தாங்க. வீட்டுல நான் பாத்திரம் சரியாத் தேய்க்கலேன்னு திட்டுறவங்க, வகுப்புல எழுந்து நின்னு "குட் ஈவினிங் டீச்சர்"னு இழுப்பாங்க. பக்கத்துல உக்காந்திருந்த பஸ் டிரைவருக்கு அது ஏகப்பட்ட சந்தோஷம். "டீச்சர், உங்க அண்ணி கிண்டல் பண்றாங்க"ன்னு போட்டுக் கொடுப்பார், பாவி மனுஷன்.

முதல் வாரம், "1789-ல பிரெஞ்சு மக்கள் கிளர்ந்து எழுந்ததுக்கு ரொட்டி விலை உயர்வே முக்கியக் காரணமா?"ன்னு ஒரு கேள்வி கொடுத்தேன். அண்ணி ரெண்டு பக்கம் எழுதிட்டாங்க. அரண்மனை எவ்வளவு பெரிசு, ராணி எப்படி உடுத்தினா, முந்தின வருஷம் ஆலங்கட்டி மழை பெய்ஞ்சு பயிர் போனது, ரொட்டி விலை ஏறினது, பெண்கள் ஊர்வலமாப் போய் ராஜாவைத் தலைநகரத்துக்குக் கூட்டிட்டு வந்தது, எல்லாம் இருக்கு. எல்லாமே சரி. ஆனா அது முக்கியக் காரணமா இல்லையான்னு ஒரு வரி கூட இல்ல! நான் ஓரத்துல சிவப்பு மையில "அதனால் என்ன?"ன்னு எழுதினேன். அடுத்த பத்தியிலயும் அதையே எழுதினேன். அதுக்கு அடுத்ததுலயும் எழுதினேன். எழுத எழுத எனக்கே கொஞ்சம் ருசி தட்டிடுச்சுன்னு வச்சுக்கோங்களேன்.

மறுநாள் காலையில டீ வந்துச்சு. ஒரு வாய் குடிச்சேன்.

"அண்ணி, சர்க்கரையே இல்லையே?"

"அதனால என்ன?" அடுப்பைப் பாத்துக்கிட்டே சொன்னாங்க.

ஒரு வாரம் இப்படியே போச்சு. குழம்புல உப்பு இல்ல, அதனால என்ன. என் துண்டு தரையில கிடக்கு, அதனால என்ன. எனக்கு வந்த கோவத்துக்கு பிரெஞ்சுக்காரங்க எல்லாம் ஓரமாப் போய் நிக்கணும்.

வகுப்புல பலகையில எழுதிப் போட்டு சொல்லித்தான் கொடுத்தேன். முதல் வரியில கருத்து, அதாவது கேள்விக்கு உன் நேரடிப் பதில். அப்புறம் சான்று: நடந்த சம்பவம், வருஷம், விவரம். அப்புறம் விளக்கம்: அந்தச் சான்று உன் கருத்தை எப்படிக் காட்டுதுன்னு சொல்லணும். கடைசியா மறுபடி கேள்விக்கே திரும்பி வந்து கதவைச் சாத்தணும். டிரைவர் "ரூட் மாதிரி டீச்சர், கிளம்பின டெப்போவுக்கே திரும்பணும்"னு கப்புனு பிடிச்சுக்கிட்டார். அண்ணிக்கு மட்டும் ஏறல. "தெரிஞ்சதை எழுதினா பத்தாதா? எதுக்கு இவ்வளவு சுத்தல்?"னு முறைச்சாங்க.

அப்புறம்தான் அந்த மழை வந்துச்சு.

ஞாயித்துக்கிழமை. அண்ணி கடைக்குப் போயிட்டு நனைஞ்சு வந்து பாத்தா, மொட்டை மாடியில துணியெல்லாம் தொப்பலா நனைஞ்சு தொங்குது. அண்ணன் சோபாவுல மேட்ச் பாத்துட்டு இருக்கான். நான் சாப்பாட்டு மேசையில உக்காந்து விடைத்தாள் திருத்திட்டு இருக்கேன். அண்ணி பையைத் தொப்புனு வச்சாங்க. அண்ணன் கேட்டான், "இப்ப எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே?"

அண்ணி இடுப்புல கையை வச்சாங்க.

"இந்த வீட்டுல துணிங்கிறது என் ஒருத்தி வேலைன்னு நீங்க முடிவு பண்ணிட்டீங்க. போறப்பவே மழை வரும், துணியை எடுங்கன்னு சொல்லிட்டுத்தான் போனேன். எடுக்கல. மழை வந்தது தெரியாதுன்னு சொல்லாதீங்க, டிவி நனையும்னு ஜன்னலை மட்டும் சாத்தி இருக்கீங்க. அப்போ மழை தெரியுது, டிவி ஞாபகம் வருது, துணி ஞாபகம் வரல. மறதின்னா ரெண்டும்தானே மறந்திருக்கணும்? உங்க வேலை உங்களுக்கு ஞாபகம் இருக்கு, என் வேலை இல்ல. எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கேன்னு கேட்டீங்களே, அதுக்குத்தான்!"

நான் நாற்காலியை விட்டு எழுந்துட்டேன். "அண்ணி! அப்படியே நில்லுங்க!"

"ஏன், நீ வேற என்னடி?"

"கருத்து சொன்னீங்க. சான்று ரெண்டு கொடுத்தீங்க. அந்த ஜன்னல் இருக்கே, அடேயப்பா! அதை வச்சு விளக்கினீங்க. கடைசியில அவன் கேட்ட கேள்விக்கே வந்து நின்னீங்க. முழு மார்க் அண்ணி!"

அண்ணன் எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தான். "என்னைத் திட்டினதுக்கு மார்க் வேற போடுவியா?"ன்னான். பாவம். ஆனா அவன்மேல எனக்கு இரக்கம் வரல. என் துணியும்தான் அங்க நனைஞ்சுச்சு.

அண்ணி மெதுவா உக்காந்தாங்க. "அப்போ எனக்கு இது தெரியுமா?"ன்னு கேட்டாங்க.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து தெரியும்"னேன்.

அதுக்கப்புறம் வீட்டுல ஒருத்தரும் ஒண்ணும் பேச முடியல. அண்ணன் "குழம்பு காரம்"னா, "சான்று?"ன்னு கேப்பாங்க. அவன் தண்ணி டம்ளரைக் காட்டினா, "அது தாகமாவும் இருக்கலாம், விளக்கம் பத்தல"ம்பாங்க. வகுப்புலயும் பத்தி பத்தியா எழுதித் தள்ளினாங்க. ரொட்டி விலைக்கு எழுதின பத்தி மட்டும் அப்படி ஒரு அழகு. அதை மனப்பாடமே பண்ணி வச்சுட்டாங்கன்னு எனக்கு அப்போ தெரியல.

மாதிரித் தேர்வு வந்துச்சு. இந்தத் தடவை கேள்வி, "வரிச்சுமையே முக்கியக் காரணமா?" அண்ணி அந்த ரொட்டிப் பத்தியை அப்படியே கொண்டுவந்து இறக்கி, கடைசி வரியில "எனவே ரொட்டி விலையே முக்கியக் காரணம்"னு முடிச்சிருந்தாங்க. வரின்னு ஒரு வார்த்தை இல்ல. எனக்குக் கை வரல, ஆனாலும் பெயில் போட்டேன்.

வீட்டுக்கு வந்து என்கிட்ட தாளை நீட்டினாங்க. "நாலும் இருக்கு, எண்ணிப் பாரு. எதுக்குப் பெயில்?"

"நாலும் இருக்கு அண்ணி. ஆனா வேற வீட்டுக் கதவைப் போய்ச் சாத்தி இருக்கீங்க. அண்ணன் சாப்பாடு ரெடியான்னு கேட்டா, நீங்க துணியைப் பத்திப் பதில் சொல்வீங்களா?"

"சொல்வேன்"னாங்க. அவங்க சொல்லுவாங்கதான்.

உள்ளே இருந்து அண்ணன் குரல் வந்துச்சு. "அதான் அப்பவே கேட்டேன், இந்த வயசுல எதுக்குன்னு."

அண்ணி தாளை மடிச்சு வச்சுட்டுப் போய்ப் படுத்துட்டாங்க. எனக்கு அவன் தலையில தண்ணியைக் கொட்டலாமான்னு இருந்துச்சு.

மறுநாள் வகுப்புக்கு வரமாட்டாங்கன்னுதான் நினைச்சேன். வந்தாங்க. குட் ஈவினிங் சொல்லல. "அந்த ரொட்டியைத் தூக்கிப் போட்டுடவா?"ன்னு மட்டும் கேட்டாங்க.

"வேண்டாம் அண்ணி. சான்று அப்படியே இருக்கட்டும். விளக்கத்தை மட்டும் கேள்வி பக்கம் திருப்புங்க. ரொட்டி விலை ஏறினப்போ ஏன் அவங்களால தாங்க முடியல?"

அண்ணி யோசிச்சாங்க. அப்புறம் நான் பாத்துட்டு இருக்கும்போதே எழுதினாங்க: "மக்கள் கிளர்ந்தெழ வரிச்சுமையே அடிப்படைக் காரணம். பிரபுக்களும் மதகுருக்களும் பெரும்பாலான வரிகளிலிருந்து விலக்குப் பெற்றிருந்தனர். சுமை சாதாரண மக்கள் மேல் விழுந்தது. 1788-ல் விளைச்சல் பொய்த்து ரொட்டி விலை ஏறியபோது, ஏற்கெனவே வரி கட்டித் தேய்ந்திருந்த குடும்பங்களிடம் சமாளிக்கக் கையிருப்பு இல்லை. விலை உயர்வு கோபத்தைத் தூண்டியது. அந்தக் கோபத்தை வளர்த்து வைத்திருந்தது வரி. ஆகவே ரொட்டி உடனடிக் காரணமாக இருந்தாலும், முக்கியக் காரணம் வரிச்சுமையே."

டிரைவர் எட்டிப் பாத்துட்டு, "இது டெப்போவுக்கே வந்துடுச்சு"ன்னார். ஓரத்துல எழுத எனக்கு ஒண்ணும் இல்ல. பேனாவை மூடிட்டேன்.

பரீட்சை முடிஞ்சு, முடிவும் வந்துச்சு. அண்ணி பாஸ். அண்ணன் கடையில இருந்தே ஊரெல்லாம் போன் போட்டான். "நம்ம வீட்டம்மா வரலாறுல பாஸ்!" என்னமோ இவனே போய் எழுதின மாதிரி. சாயங்காலம் இனிப்போட வந்து, சோபாவுல சாஞ்சு டிவியைப் போட்டான்.

அண்ணி போய் டிவியை அணைச்சாங்க.

"நீங்க ஒரு கேள்வி கேட்டீங்க."

"நானா? என்ன கேட்டேன்?" நிஜமாவே மறந்துட்டான், மடையன்.

"சொல்றேன், இருங்க. நான் டீச்சர்தான். ரொம்ப நாளாவே டீச்சர்தான். எங்க பள்ளியில ஒரு பையன், சேர்ந்த நாள்லேருந்து யார்கிட்டயும் வாயே திறக்க மாட்டான். தினமும் மடியில வச்சு எழுத்து சொல்லிக் கொடுத்தேன். ஒருநாள் என் முந்தானையைப் பிடிச்சு இழுத்து, 'டீச்சர்'னு கூப்பிட்டான். அவன் பேசின முதல் வார்த்தை. மேனேஜரம்மா அங்கதான் நின்னாங்க. 'அவங்க டீச்சர் இல்ல கண்ணா, ஆயா'ன்னு திருத்தினாங்க. பையன் என்னைப் பாத்தான், நிஜமான்னு. நான் ஆமான்னு தலையாட்டினேன்."

முந்தானையால முகத்தைத் துடைச்சாங்க. ஆனா நிறுத்தல.

"அவன் சொன்னதுதான் சரி. என் கையில ஒரு காகிதம் இல்லாததால, சரியாச் சொன்ன குழந்தையைத் தப்புன்னு நம்ப வச்சுட்டேன். அப்புறம் அவன் ரொம்ப நாள் பேசவே இல்ல. இந்த வயசுல எதுக்குன்னு கேட்டீங்களே. இனி ஒரு குழந்தை கேட்டா, அப்படித் தலையாட்டக் கூடாதுன்னுதான்."

அண்ணன் ரிமோட்டைக் கையில வச்சு அப்படியும் இப்படியும் திருப்பினான். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, மூக்கை உறிஞ்சிக்கிட்டேன்.

அப்புறம் அண்ணன் எழுந்தான். "மழை வர்ற மாதிரி இருக்கு. துணியை எடுத்துட்டு வந்துடறேன்"னு மாடிப்படி ஏறினான்.

வானத்துல ஒரு மேகம் கூட இல்ல. துணி அப்பதான் துவைச்சுப் போட்டது, சொட்டச் சொட்ட அள்ளிட்டு வந்தான். அண்ணியும் நானும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். யாரும் அவன்கிட்ட சான்று கேக்கல.