கண்ணால் பார்க்காத பெட்டி

சுகந்தியை எங்கள் குடோனில் யாருக்கும் பிடிக்காது. எனக்கும்தான். பதினாறு வருஷமாகப் பக்கத்து மேஜையில் பில் போடுகிறவள் சொல்கிறேன், அவள் சந்தேகப்படாத ஆளே கிடையாது. எங்களுக்குக் குன்னூரில் மருந்து மொத்த வியாபாரம். கடைகளிலிருந்து திரும்பி வரும் சரக்கைச் சரிபார்த்து வாங்குவது அவள் வேலை. போலி மருந்து நுழைகிற வாசலே அதுதான் என்பாள். பில் இல்லாமல் மலிவாக வாங்கியதை எவனாவது நம் தலையில் கட்டப் பார்ப்பானாம். அதனால் ஒவ்வொரு பேட்ச் நம்பரையும் நாங்கள் விற்ற பில்லோடு ஒத்துப் பார்ப்பாள். கியூஆர் கோடை ஸ்கேன் செய்து, பெட்டியில் அச்சிட்ட தேதியோடு ஒப்பிடுவாள். அரசு ஆஸ்பத்திரிச் சரக்கு என்கிற முத்திரையை யாராவது சுரண்டியிருக்கிறார்களா என்று அட்டையை வெளிச்சத்தில் பிடிப்பாள். நான் கொடுக்கும் டீயைக்கூட முகர்ந்துதான் குடிப்பாள், மகராசி.

போன ஆகஸ்டில், நாடுகாணியில் சின்ன மருந்துக்கடை வைத்திருக்கும் தவ்பீக், ரத்த அழுத்த மாத்திரைப் பெட்டி ஒன்றைத் திருப்பி அனுப்பினார். தொட்டாலே மாத்திரை உதிர்கிறது என்று சீட்டு எழுதியிருந்தார். சுகந்தி ஸ்கேன் செய்தாள். போனில் ஒரு காலாவதித் தேதி, பெட்டியில் வேறொன்று. பேட்ச் நம்பரைத் தட்டினாள். அந்த பேட்ச் எங்கள் குடோனுக்கு வந்ததே இல்லை.

பெட்டியை ஒட்டி முத்திரையிட்டுத் தனி அலமாரியில் பூட்டினாள். கம்பெனிக்குத் தகவல் சொன்னாள். கையோடு தவ்பீக்குக்குச் சரக்கையும் நிறுத்தினாள். மருந்துக் கட்டுப்பாட்டு இன்ஸ்பெக்டருக்கு அந்தக் கடையின் பெயரை எழுதிவிடச் சொன்னார் முதலாளி கமலேஷ். எழுதினால் தவ்பீக்கின் லைசென்ஸ் போய்விடும்.

மறுநாள் தவ்பீக் பில்லோடு நேரில் வந்தார். ஜூன் மாதம் நாங்கள் போட்ட பில், ஐந்து பெட்டி. அதில் இருந்த பேட்ச் நம்பர் நல்லதுதான். பெட்டியில் இருந்ததுதான் வேறு.

"சுகந்திக்கா, உங்க ஆளு கையால வாங்குனது. நம்பரைப் பாக்காம வாங்குனது என் தப்பு. மாத்துனது நானில்லீங்க."

அவள் நம்பவில்லை. அவரைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் அந்த ஐந்து பெட்டியும் வந்த வழியைக் கணினியில் தோண்டினாள். தோண்டத் தோண்ட அவள் முகம் வெளிறியது.

அந்தப் பெட்டிகள், ஜூனில் பில் போட்ட அன்றுதான் நெல்லியாளத்துக் கடை ஒன்றிலிருந்து திரும்பியவை. மண் சரிந்து ரோடு அடைபட்ட நாள் அது. விற்பனைக்குப் போன நல்லசாமி போனில் கேட்டிருக்கிறார்: அதே மருந்து நாடுகாணிக்கு வேண்டும், குன்னூர் வரை கொண்டுவராமல் அங்கேயே இறக்கிவிடட்டுமா என்று. மழைக்காலத்தில் நாங்கள் வழக்கமாகச் செய்வதுதான். சரி என்று சொல்லி, சுகந்தி இங்கே உட்கார்ந்தபடியே ரிட்டன் பதிவும் புது பில்லும் போட்டுவிட்டாள். ரிட்டன் போட்டால் கணினி பழைய பில்லின் பேட்ச் நம்பரைத் தானே எடுத்துக்கொள்ளும். காகிதத்தில் நல்ல மருந்து, பெட்டியில் போலி. நெல்லியாளத்துக்காரன் எங்கள் சரக்கை விற்றுவிட்டு, எங்கோ மலிவாக வாங்கியதைத் திருப்பித் தந்திருக்கிறான்.

மறைக்க மாட்டேன், எனக்கு முதலில் உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. நல்லா வேணும் என்று நினைத்தேன். அப்புறம்தான் விற்றுப்போன மற்ற நாலு பெட்டி ஞாபகம் வந்தது.

தவ்பீக் கடை மேலேயே எழுதிவிடும்மா, உன் பெயர் எதற்கு என்றார் முதலாளி. சுகந்தி இன்ஸ்பெக்டருக்கு அனுப்பும் தாளை எடுத்தாள். நெல்லியாளத்துக் கடையின் பெயரை எழுதினாள். அதற்குக் கீழே, பெட்டியைப் பார்க்காமல் பதிவு செய்தது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தவ்பீக் தப்பித்தார். அவள் நாற்காலி அந்த வாரமே வேறு ஆளுக்குப் போயிற்று.

விற்றுப்போன அட்டைகளைத் தவ்பீக்கின் பில் நகல்களில் இருந்த பெயர்களை வைத்து வீடு வீடாகத் தேடினோம். நானும் கூடப் போனேன், கோபம் இருந்தாலும் தனியாக விட மனசு வரவில்லை. எஸ்டேட் லைன் வீட்டில் இசக்கி என்ற அம்மாள், கொழுந்து பறிக்கிறவர். சுகந்தி விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை கையிலிருந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மாசமா தலை சுத்துதுங்க. மருந்து தின்னும் பிரஷர் எறங்கல. உப்பைக் கொறைக்காம பொய் சொல்றேன்னு டாக்டரம்மா திட்டுச்சு. எங்க ஊட்டுலயும் யாரும் என்னை நம்பல."

மீதி மாத்திரைகளை வாங்கிக்கொண்டு, பில்லோடு புது அட்டையை நீட்டினாள் சுகந்தி. இசக்கி கையை நீட்டவில்லை.

"இது நல்லதுன்னு யாருங்க பாத்தா?"

"நான் பாத்தேனுங்க."

"அன்னிக்கும் யாராச்சும் பாத்துத்தான அனுப்பியிருப்பாங்க?"

"இல்லீங்க," என்றாள் சுகந்தி. "அன்னிக்கு நான் பாக்கல."

நாங்கள் திரும்பி இறங்கும்போது அந்தப் புது அட்டை சுகந்தியின் கையில்தான் இருந்தது.