தூணா, லிப்டா

ரசீது சார் என்றால்தான் அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும். சங்கத்தின் செயலாளர். ஒரு பல்பு வாங்கினாலும் ரசீது இல்லாமல் காசு தரமாட்டார் என்பதால் வந்த பட்டம். அவருக்கு அதில் உள்ளூரப் பெருமை. பல் டாக்டர் ஒருவரிடம் காலமெல்லாம் கணக்கு எழுதியவர். ஓய்வு பெற்றதும் கீழ்த்தளத்து வீட்டில் சும்மா இருக்க முடியாமல் இந்தப் பொறுப்பைத் தலையில் போட்டுக்கொண்டார். நல்ல பேர் கிடைக்காத வேலை என்று அவருடைய அக்கா அப்போதே சொன்னாள், கேட்டால்தானே.

அக்கா அதே கட்டடத்தின் மேல்தளத்தில் தனியாக இருந்தாள். நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள். இடுப்பு எலும்பு முறிந்த பிறகு படி இறங்க முடியாது. லிப்ட்டை ஓட்டவே கூடாது என்று பரிசோதகர் பூட்டுப் போட்டுவிட்டுப் போனதிலிருந்து அவள் தரையை மிதிக்கவில்லை.

ஆண்டுக் கூட்டத்துக்கு முன்தினம் அவளுடைய பிராக்ஸி படிவத்தை வாங்க மேலே போனார். வர முடியாதவர் தன் ஓட்டை இன்னொருவர் கையில் கொடுக்கும் தாள் அது.

"உன் பேர்லதான் எழுதியிருக்கேன். ஆனா என் ஓட்டு லிப்ட்டுக்குத்தான். நைசா மாத்திடாதே," என்றாள்.

"அக்கா, தண்ணித் தொட்டியோட தூணு உன் தலைக்கு மேலதான் நிக்குது. உள்ள கம்பியெல்லாம் துருப்பிடிச்சு உப்பிப்போச்சு. இன்ஜினியர் அறிக்கையைப் படிச்சல்ல?"

"படிச்சேன்டா. லிப்ட்டுக்குப் போடு."

வண்டி நிறுத்துமிடத்தில் நாற்காலிகளைப் போட்டுக் கூட்டம் நடந்தது. ரசீது சார் எழுந்து நின்று வரவைப் படித்தார், செலவைப் படித்தார், தணிக்கையாளர் குறை ஏதும் சொல்லவில்லை என்பதையும் படித்தார். ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய, கணக்கு நிறைவேறியது. அதுவரை கொட்டாவிதான்.

பிறகு கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"பழுது நிதியில இருக்கறது ஒரு வேலைக்குத்தான் காணும். ஒண்ணு லிப்ட்டைப் புதுசா மாத்தணும். இல்லேன்னா தொட்டித் தூணுங்களைச் சுத்திக் கம்பி கட்டி, காங்கிரீட் போட்டு பலப்படுத்தணும். ஆளுக்குக் கொஞ்சம் கூடுதலாப் போட்டா ரெண்டையுமே முடிச்சிடலாம்."

கூடுதல் வசூல் என்றதும் கொட்டாவி எல்லாம் பறந்துவிட்டது. அந்தத் தீர்மானம் வந்த வேகத்தில் தோற்றது. பையைத் தொடாதவரை எல்லோருமே தங்கமானவர்கள்.

"அப்படின்னா தூணை முதல்ல செய்யணும்கிறது என் பரிந்துரை," என்றார். "இப்பவே தொட்டியைப் பாதிதான் நிரப்பறோம். அது விழுந்தா யாரும் பதில் சொல்ல முடியாது."

மூன்றாம் மாடி டிரைவிங் ஸ்கூல்காரர் எழுந்தார். "கீழ் வீட்டுக்காரருக்கு லிப்ட் எதுக்கு சார்? சொகுசா பேசலாம். நாங்கதானே மூச்சு வாங்கறோம்!"

சிரிப்பு எழுந்தது. ரசீது சாருக்குச் சுருக்கென்று தைத்தது.

தலைவர் கையைத் தூக்கச் சொன்னார். தூணுக்கு ரசீது சார் கையைத் தூக்கினார். அடுத்து, லிப்ட்டுக்கு யார் யார் என்றபோதும் அவர் கை மேலே போனது.

"என்ன சார், ரெண்டு பக்கமுமா?"

"இது எங்க அக்காவோட கை," என்று பிராக்ஸியைக் காட்டினார்.

அதன்பின் யாரும் சிரிக்கவில்லை. தலைவர் இரண்டு முறை எண்ணிவிட்டு, தூண் ஒரே ஓட்டில் ஜெயித்தது என்று அறிவித்தார்.

ரசீது சார் படிகளில் நின்று நின்று மேலே ஏறினார். அக்கா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாக்கரைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"என் ஓட்டைப் போட்டியா?"

"போட்டேன்."

"எத்தனையில போச்சு?"

"ஒண்ணுல."

அவள் அவரையே பார்த்தாள். அந்த ஒன்று யாருடையது என்று அவளுக்கு விளக்கத் தேவையில்லை. வாக்கரை மெல்ல நகர்த்தி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"தொட்டி விழுந்தா முதல்ல நான்தான் போவேன்னு தெரியாமலா சொன்னேன்? வயசாயிடுச்சுடா. இங்கேயே பத்திரமா கிடக்கறதைவிட ஒரு தடவை கீழ இறங்கி நாலு மனுஷங்க நடுவுல நடந்துட்டு வந்தா போதும்னு இருந்துச்சு."

"அக்கா, உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?" என்றார்.

"தெரியும். நீ செஞ்சதுதான் சரி, அதுவும் தெரியும்," என்றாள் அக்கா. "ஆனா இன்னிக்கு என்னால உனக்கு நன்றி சொல்ல முடியாதுடா. கோச்சுக்காம கீழ போ."